வெறுங்காலோடு பனி மாளிகைக்கு

"ராணிகூட சண்டை எப்ப அத்தை வரும்?"

அண்ணன் மகள் இப்படிக் கேட்டபோது கதை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. ஆறு இரவுகளாகக் கேட்டுக்கொண்டு வந்தவள் அவள். கெர்டா என்ற சின்னப் பெண், பனி அரசி தூக்கிக்கொண்டு போன தன் தோழனைத் தேடி உலகின் வட கோடிவரை நடந்துவிட்டாள். மாளிகை வாசல் எதிரே தெரிகிறது. காலில் செருப்பு இல்லை, கையில் ஒரு குச்சிகூட இல்லை. இனி சண்டைதான் என்று குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ராணி வீட்ல இல்லடா" என்றேன். "எரிமலைக்கு மேல பனி தூவிட்டு வர்றேன்னு தெற்குப் பக்கம் பறந்து போயிட்டா."

அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அது நியாயமான ஏமாற்றம். மந்திர உலகம், சின்னஞ்சிறு வீரர், பெரிய எதிரி என்று தொடங்கும் எந்தச் சாகசக் கதையும் கடைசியில் ஒரு மோதலைத் தரும் என்று குழந்தைக்குத் தெரியும். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதிய 'பனி அரசி' அதைத் தருவதில்லை. வீரச் சிறுமியும் வில்லியும் கதை முழுவதிலும் ஒரு முறைகூட நேருக்கு நேர் சந்திப்பதில்லை. மோதல் இருக்க வேண்டிய இடத்தில் ஆண்டர்சன் ஒரு புதிரை வைத்திருக்கிறார். ஐஸ் துண்டுகளால் ஆன புதிர். அதை எங்கே வைத்தார், எப்படி அவிழ்த்தார் என்று பார்த்தால், குழந்தைகளுக்கான சாகசக் கதை ஒன்று எப்படிக் கட்டப்படுகிறது என்பது தெளிவாகப் புரியும்.

ஆண்டர்சன் டென்மார்க்காரர். 1805-இல் ஓடென்சே என்ற ஊரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைக்கும் ஏழைத் தொழிலாளி. 'பனி அரசி' 1844 டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகனில் வெளிவந்தது. சரியான குளிர்காலம், கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு. ஒரே கதைதான், ஆனால் ஏழு பகுதிகள். ஒவ்வொன்றையும் ஒரு கதை என்றே அவர் எண்ணிட்டிருக்கிறார். அதனால்தான் எனக்கும் ஏழு இரவுகள் தேவைப்பட்டன.

கதையின் இரண்டு முக்கியமான பொருட்கள் அவருடைய சொந்த வீட்டிலிருந்து வந்தவை. ஒன்று, கூரைத் தோட்டம். அவர் அம்மா, கூரையின் நீர்த்தாரையில் மண் நிரப்பிய ஒரு பெட்டியை வைத்துக் கீரைச் செடிகள் வளர்த்தாள். அது தன் கதையில் இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது என்று அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். மற்றது, உறைபனி படிந்த சன்னல். ஒரு குளிர்காலத்தில் கண்ணாடியில் படிந்த பனி, கைகளை நீட்டிய ஒரு பெண்ணின் உருவம்போல இருந்தது. அவள் என்னைக் கூப்பிட வந்திருக்கிறாள் என்று அப்பா விளையாட்டாகச் சொன்னாராம். 1816-இல் அப்பா இறந்தபோது, பனிப்பெண் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று அம்மா சொன்னதைப் பதினோரு வயதுப் பையன் கேட்டுக்கொண்டிருந்தான். பனி அரசி ஒருவரைக் கொண்டுபோவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கதை ஒரு கண்ணாடியோடு தொடங்குகிறது. சாத்தான் ஒருவன் செய்த முகம் பார்க்கும் கண்ணாடி. நல்லதும் அழகானதும் அதில் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும். கெட்டதும் கோணலும் மட்டும் பெரிதாகத் தெரியும். அதை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது கை நழுவி விழுந்து கோடானுகோடித் தூளாக உடைகிறது. தூள் ஒன்று யார் கண்ணில் விழுந்தாலும் அவருக்கு எல்லாவற்றிலும் குறைதான் தெரியும். நெஞ்சில் தைத்துவிட்டால் நெஞ்சே ஐஸ் கட்டியாகிவிடும்.

ஒரு நகரத்தில் எதிரெதிர் மச்சு வீடுகளில் கய் என்ற பையனும் கெர்டாவும் வளர்கிறார்கள். உடன்பிறந்தவர்கள் இல்லை, ஆனால் அப்படித்தான் பழகினார்கள். இரண்டு கூரைகளும் கிட்டத்தட்ட ஒட்டும் இடத்தில் பெட்டிகளில் ரோஜாச் செடிகள். குளிர்காலத்தில் செப்புக் காசை அடுப்பில் சூடாக்கிச் சன்னல் பனியில் ஒட்டி, வட்டமாக ஓட்டை செய்து, அதன் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு கோடை நாளில் மணிக்கூண்டு ஐந்து அடிக்கும்போது கய்யின் கண்ணிலும் நெஞ்சிலும் கண்ணாடித் தூள் பாய்கிறது.

அதற்குப் பிறகு அவனிடம் வரும் மாற்றத்தை ஆண்டர்சன் காட்டும் விதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். கய் முட்டாளாகவில்லை. முன்பைவிடக் கெட்டிக்காரனாகிறான். பாட்டி நடப்பதை, பேசுவதை அச்சு அசலாக நடித்துக் காட்டுகிறான். பார்ப்பவர்கள், இந்தப் பையனுக்கு என்ன மூளை என்கிறார்கள். குளிர்காலத்தில் பூதக்கண்ணாடி எடுத்துவந்து பனித்துகளைப் பார்க்கிறான். பத்து முனை என்று எவ்வளவு ஒழுங்கு, பூவைவிட இதுதான் அழகு, ஒரு பிசிறில்லை, உருகாமல் மட்டும் இருந்தால் போதும் என்கிறான். பிறகு அரசியின் வெள்ளைச் சறுக்கு வண்டியில் தன் சின்ன வண்டியை மாட்டிக்கொண்டு ஊர் எல்லை தாண்டிப் போய்விடுகிறான். பயந்துபோய்ப் பிரார்த்தனை சொல்ல வாயெடுத்தால் வாய்பாடுதான் வருகிறது. அரசி இரண்டு முறை முத்தமிடுகிறாள். குளிரும் மறந்துபோகிறது, கெர்டாவும் மறந்துபோகிறாள். மனக்கணக்கு, பின்னக் கணக்கு, நாடுகளின் சதுர மைல், மக்கள்தொகை எல்லாம் எனக்குத் தெரியும் என்று அவளிடம் பெருமையடிக்கிறான். அவள் சிரிக்கிறாள். அப்போது அவனுக்கே தன் அறிவு போதவில்லையோ என்று தோன்றுகிறது.

கடைசியில் வரப்போகும் புதிரின் விடை இங்கேயே விதைக்கப்பட்டுவிட்டது. பனித்துகளின் ஒழுங்கு, வாய்பாடு, போதாமல் போகும் கணக்கு. கேட்கும் குழந்தைக்கு இவை வெறும் சம்பவங்கள். ஏழாவது இரவில் ஒவ்வொன்றும் திரும்பி வரும்.

இனி கெர்டா. சாகசக் கதையில் வீரர் புறப்படும்போது யாராவது ஒரு வாளோ வரமோ கொடுப்பது வழக்கம். வழியில் சேர்வதெல்லாம் கடைசிப் போருக்குப் பயன்படும். இந்தக் கதை தலைகீழாக நடக்கிறது. கெர்டா செய்யும் முதல் வேலையே ஒன்றை இழப்பதுதான். கய் ஆற்றில் மூழ்கிப்போனான் என்று ஊர் சொல்ல, அவள் தன் புத்தம்புதுச் சிவப்புக் காலணிகளை ஆற்றுக்குக் கொடுத்து, அவனைத் திருப்பித் தா என்று கேட்கிறாள். ஆறு வாங்கிக்கொள்ளவில்லை. இன்னும் உள்ளே போய்ப் போடலாம் என்று கரையில் நின்ற படகில் ஏறி எறிகிறாள். கட்டாத படகு, அது அவளை இழுத்துக்கொண்டு போகிறது. பயணம் வெறுங்காலோடு தொடங்குகிறது.

படகு சேரும் இடம் ஒரு பாட்டியின் தோட்டம். கெட்டவள் இல்லை, தனிமையில் இருப்பவள். இந்தப் பிள்ளை நம்மோடு இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்படுகிறாள். தங்கச் சீப்பால் கெர்டாவின் தலையை வாரிவிடுகிறாள். சீப்பு இழுக்க இழுக்க கய்யின் நினைவு கழன்றுபோகிறது. ரோஜாவைப் பார்த்தால் நினைவு வந்துவிடுமே என்று தோட்டத்து ரோஜாச் செடிகளையெல்லாம் மண்ணுக்குள் இறக்கிவிடுகிறாள். ஆனால் தன் தொப்பியில் வரைந்திருந்த ரோஜாவை மறந்துவிடுகிறாள். ஒருநாள் கெர்டா அதைப் பார்க்கிறாள், அழுகிறாள், கண்ணீர் விழுந்த மண்ணிலிருந்து ரோஜாச் செடி மேலே வருகிறது. வெளியே ஓடிப் பார்த்தால் இலையுதிர் காலம். தோட்டத்துக்குள் எப்போதும் கோடை, எல்லாப் பூவும் பூத்துக்கொண்டிருந்தது. வெளியே காலம் போய்விட்டது.

இந்தத் தோட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பனி மாளிகையின் இன்னொரு முகம் இது. இங்கே கோடை மாறாது, அங்கே குளிர் மாறாது. இரண்டு இடத்திலும் நேரம் நகராது, இரண்டு இடத்திலும் குழந்தைகள் அன்பானவர்களை மறந்துபோகிறார்கள். கண்ணீர் மண்ணில் விழுந்து மறைந்ததை வெளியே கொண்டுவந்ததும் இங்கேதான். கடைசிக் காட்சிக்கு இது ஒத்திகை.

அடுத்து ஒரு காக்கையும் ஓர் இளவரசியும் வருகிறார்கள். இளவரசியை மணந்தவன் கய்யாக இருக்குமோ என்று கெர்டா நம்பி, இல்லை என்று தெரிந்து அழுகிறாள். அவர்கள் இரக்கப்பட்டுக் கம்பளிக் காலணி, கையைச் செருகிக்கொள்ளும் கம்பளி உறை, தங்க வண்டி எல்லாம் கொடுத்து அனுப்புகிறார்கள். காட்டில் கொள்ளைக்காரர்கள் வண்டியைப் பறித்துக்கொள்கிறார்கள். வண்டிக்காரர்களைக் கொன்றும்விடுகிறார்கள். அங்கே ஒரு கொள்ளைக்காரச் சிறுமி இருக்கிறாள். கெர்டா வயதுதான், இடுப்பில் கத்தி, தூங்கும்போதும் கத்தி. முரடு, பிடிவாதம், உள்ளுக்குள் தனிமை. கதையில் எனக்கு மிகவும் பிடித்தவள் இவள்தான். கெர்டாவின் கதையைக் கேட்டுவிட்டு, தான் கட்டிவைத்து விளையாடும் பனிமானை அவிழ்த்து, அதன் முதுகில் கெர்டாவை ஏற்றிவிடுகிறாள். காலணியைத் திருப்பிக் கொடுக்கிறாள். கம்பளி உறை அழகாக இருக்கிறது என்று தானே வைத்துக்கொண்டு, பதிலுக்குத் தன் அம்மாவின் பெரிய கையுறையை மாட்டிவிடுகிறாள். இரண்டு ரொட்டி, ஒரு பன்றித் தொடை. நல்லவளாக மாறிவிட்டாள் என்று எந்த வரியும் இல்லை. கையுறையும் ரொட்டியும் போதும், குழந்தை புரிந்துகொள்ளும்.

பனிமான் லாப்லாந்தில் ஒரு கிழவியிடம் கொண்டுபோகிறது. அவள் எழுதக் காகிதம் இல்லாமல், உலர்த்திய கருவாட்டின்மேல் கடிதம் எழுதி, இன்னும் வடக்கே இருக்கும் ஃபின்மார்க் பெண்ணிடம் அனுப்புகிறாள். அந்தப் பெண் கருவாட்டை மூன்று முறை படித்து, மனப்பாடமானதும் குழம்புச் சட்டியில் போட்டுவிடுகிறாள். நல்ல மீனை வீணாக்குவானேன்! இந்த இடத்தில் சிரிக்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அவள் காற்றையே முடிச்சுப் போட்டு வைக்கத் தெரிந்த மந்திரக்காரி. கெர்டாவுக்குப் பன்னிரண்டு ஆண்களின் பலம் வரும்படி ஒரு மருந்து கொடு என்று பனிமான் கெஞ்சுகிறது. அவள் மறுத்துவிடுகிறாள். அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே இருக்கும் சக்தியைவிடப் பெரியது எதுவும் என்னிடம் இல்லை. மனிதரும் விலங்கும் அவளுக்கு எப்படி உதவியிருக்கிறார்கள், வெறுங்காலோடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று பார், என்கிறாள். இந்தப் பேச்சைக் கெர்டா கேட்கக்கூடாது என்று பனிமானிடம் மட்டும் சொல்கிறாள். அதனால் தன்னிடம் சக்தி இருப்பது கெர்டாவுக்குக் கடைசிவரை தெரியாது.

பிறகு ஒரு சின்ன விபத்து. அவசரத்தில் கெர்டாவின் காலணியும் கையுறையும் குடிசையிலேயே நின்றுபோகின்றன. பாதி வழி போனபின்தான் அவளுக்குக் குளிர் தெரிகிறது. பனிமானுக்கு நிற்கத் துணிவில்லை, சிவப்புப் பழம் பழுத்த புதர் அருகே அவளை இறக்கிவிட்டுக் கண்ணீரோடு திரும்பிவிடுகிறது. வழியில் கிடைத்தது எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது. ஆற்றங்கரையில் எப்படிப் புறப்பட்டாளோ அப்படியே வந்து நிற்கிறாள். எழுத்தாளர் வேண்டுமென்றே செய்த வேலை இது. அவள் உள்ளே போய் வென்றால், அந்த வெற்றிக்கு வண்டியோ காலணியோ மந்திரமோ காரணம் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

மாளிகைக்குள் பார்ப்போம். பனிக்காற்று அடித்துக் குவித்த சுவர்கள், நூற்றுக்கு மேற்பட்ட கூடங்கள், வடதுருவ ஒளியின் வெளிச்சம். நடுக் கூடத்தில் உறைந்த ஓர் ஏரி. அது ஆயிரம் துண்டாக வெடித்திருக்கிறது, ஒவ்வொரு துண்டும் மற்றதைப்போலவே இருக்கிறது. அரசி இதற்கு 'அறிவின் கண்ணாடி' என்று பெயர் வைத்திருக்கிறாள். குளிரில் நீலம் பாரித்து, கிட்டத்தட்டக் கறுத்துப்போன கய், கூர்மையான தட்டை ஐஸ் துண்டுகளை இழுத்து இழுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறான். அரசியின் முத்தம் நடுக்கத்தை எடுத்துவிட்டதால் குளிர் அவனுக்குத் தெரியவில்லை.

சீன விளையாட்டைப்போல என்று ஆண்டர்சன் இங்கே ஒப்பிடுகிறார். இன்று நாம் டாங்கிராம் என்று சொல்லும் விளையாட்டுதான் அது. ஒரு சதுரப் பலகையை ஏழு துண்டாக வெட்டுவார்கள்: ஐந்து முக்கோணம், ஒரு சதுரம், ஓர் இணைகரம். அந்த ஏழையும் சேர்த்து வாத்து, படகு, ஓடும் மனிதன் என்று உருவம் அமைக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பெரிய மோகமாகப் பரவிய விளையாட்டு. ஆண்டர்சனின் வாசகர்களுக்கு வீட்டு மேசையில் கிடந்த பொருள். பழகியதை எடுத்து, ஐஸில் செய்து, ஏரி அளவுக்குப் பெருக்கிவிட்டார்.

புதிரின் விதி எளிது. கய் ஒரே ஒரு சொல்லை ஐஸ் துண்டுகளால் அமைக்க வேண்டும். டேனிஷ் மொழியில் அது 'எவிஹெடன்', ஒன்பது எழுத்து. பொருள், முடிவே இல்லாத காலம். அதை அமைத்துவிட்டால் அவன் தனக்குத் தானே எஜமானன், உலகம் முழுவதும் அவனுக்கு, கூடவே ஒரு ஜோடி புதிய சறுக்குக் காலணியும். உலகத்தோடு சறுக்குக் காலணியையும் சேர்த்துச் சொன்ன அந்த ஒரு வரியில், அவன் இன்னும் சின்னப் பையன்தான் என்பதும் அவனுக்கு விலை பேசத் தெரிந்தவள் அரசி என்பதும் ஒன்றாக வந்துவிடுகின்றன. உருவங்கள் அமைக்கிறான், முழுச் சொற்களும் அமைக்கிறான். அவன் கண்ணுக்கு எல்லாமே அற்புதமாகத் தெரிகிறது, கண்ணில் இருக்கும் தூளின் வேலை அது. அந்த ஒரு சொல் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

ஏன் வரவில்லை? துண்டு குறையவில்லை, புத்தி குறையவில்லை. அவன் இருக்கும் இடத்தில் காலம் என்பதே இல்லை. நேற்றை மறந்துவிட்டான், நாளைக்கு யாரையும் எதிர்பார்க்கவில்லை. என்றென்றைக்கும் என்ற சொல், ஒருவரிடம் மனம் வைத்து, அவரை இழக்கப் பயப்படுகிறவருக்குத்தான் பொருள்படும். எல்லாத் துண்டும் ஒன்றுபோலவே இருப்பதும் இதனால்தான் என்று நான் படிக்கிறேன். எந்தத் துண்டும் அவனுக்கு முக்கியம் இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்த பிசிறில்லாத ஒழுங்கு ஏரியாகப் பெருகி அவனைச் சூழ்ந்துகொண்டுவிட்டது. போதவில்லையோ என்று வண்டியில் சந்தேகப்பட்ட அந்த அறிவு, இங்கே உண்மையாகவே போதவில்லை.

கெர்டா வருகிறாள். அவனைக் கண்டு கட்டிக்கொள்கிறாள். அவன் விறைத்து உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு அழுகை வருகிறது. சூடான கண்ணீர் அவன் மார்பில் விழுந்து, நெஞ்சுக்குள் இறங்கி, ஐஸ் கட்டியை உருக்கி, உள்ளே இருந்த தூளையும் கரைத்துவிடுகிறது. அவன் அவளைப் பார்க்கிறான். இருவரும் சின்ன வயதில் பாடிய ரோஜாப் பாட்டை அவள் பாடுகிறாள். இப்போது அவன் அழுகிறான், அந்த அழுகையில் கண்ணில் இருந்த தூள் உருண்டு வெளியே விழுகிறது. நெஞ்சில் இருந்ததை அவள் கண்ணீர் எடுத்தது, கண்ணில் இருந்ததை அவன் கண்ணீர்தான் எடுத்தது. இந்த வரிசையைக் கதை சொல்பவர்கள் மாற்றக்கூடாது. பாதி குணம் வெளியிலிருந்து வருகிறது, மீதியை அவனே அழுதுதான் பெற வேண்டும்.

அவர்கள் மகிழ்ச்சியைக் கண்டு ஐஸ் துண்டுகள் எழுந்து ஆடத் தொடங்குகின்றன. ஆடிக் களைத்துப் படுக்கும்போது அந்தச் சொல்லாகவே படுக்கின்றன. புதிர் அவிழ்ந்துவிட்டது.

இது ஏமாற்று இல்லையா என்று பெரியவர்கள் கேட்கலாம். யாரும் யோசித்து விடை கண்டுபிடிக்கவில்லையே, துண்டுகள் தாமாகத்தானே அடுக்கிக்கொண்டன? நானும் பல ஆண்டுகள் அப்படி நினைத்திருந்தேன். குழந்தைக் கதைகளில் புதிர் ஏமாற்றாகிவிடும் இடம் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விடை தெரிந்தபின் கதையின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். விடைக்கு வேண்டியவை எல்லாம் முன்பே அங்கே கிடக்கின்றனவா, அல்லது கடைசி நிமிடத்தில் ஒரு முனிவரோ பேசும் கிளியோ கொண்டுவந்து கொடுத்ததா? இங்கே எல்லாம் முன்பே இருந்தது. கண்ணீர் மறைந்ததை வெளிக்கொணரும் என்பது பாட்டியின் தோட்டத்தில். கணக்கு போதாது என்பது சறுக்கு வண்டியில். கெர்டாவிடம் உள்ளதைவிடப் பெரிய சக்தி இல்லை என்பது ஃபின்மார்க் குடிசையில். வாசகரிடமிருந்து எதுவும் மறைக்கப்படவில்லை. புதிர் போட்டவள் சொன்ன விதிமுறையும் மீறப்படவில்லை. சொல்லை அமைத்தால் விடுதலை என்றாள், சொல் அமைந்துவிட்டது.

அதனால்தான் சண்டை தேவைப்படவில்லை. இனி அரசி வந்தாலும் வரட்டும், அவன் விடுதலைப் பத்திரம் பளபளக்கும் ஐஸில் எழுதிக் கிடக்கிறது என்று ஆண்டர்சன் முடித்துவிடுகிறார். அவள் சாகவில்லை, உருகவில்லை, தண்டனை இல்லை. எரிமலைக்குப் போனவள் குளிர்காலம்தோறும் வரத்தான் போகிறாள். பனியைக் கொல்ல முடியாது என்று டென்மார்க்கில் பிறந்தவருக்குத் தெரியும். அவள் பிடி விட்டுப்போனது, அவ்வளவுதான்.

கனிவான முடிவு என்று நான் சொல்வது இதை. எல்லாம் இனிப்பாக முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. திரும்பும் வழியில் கொள்ளைக்காரச் சிறுமி சிவப்புத் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் எதிரே வருகிறாள், உலகம் சுற்றப் புறப்பட்டிருக்கிறாள். உதவிய காக்கை இறந்துபோய்விட்டது என்று அவள் சொல்லித் தெரிகிறது. அதன் பெண் காக்கை காலில் கறுப்புக் கம்பளி நூல் கட்டிக்கொண்டு துக்கம் காக்கிறதாம். வீட்டுக்கு வந்து கதவு வழியாக நுழையும்போதுதான் இருவருக்கும் தாங்கள் வளர்ந்துவிட்டது தெரிகிறது. கடிகாரம் டிக் டிக் என்று ஓடுகிறது, ரோஜா பூத்திருக்கிறது, கோடை. மாளிகையில் நின்றுபோன காலம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. முடிவில்லாத காலம் என்ற சொல்லை அமைத்தவர்களுக்குக் கிடைத்த பரிசு, சாதாரணக் காலம்.

கதையில் குறைகளும் உண்டு. பாட்டியின் தோட்டத்தில் கெர்டா ஒவ்வொரு பூவிடமும் கய்யைப் பற்றிக் கேட்க, ஒவ்வொன்றும் தன் கதையை மட்டும் சொல்கிறது. உள்ளே ஒரு கருத்து இருக்கிறது, ஆனால் ஏழு வயதுக் குழந்தை அங்கே நெளிய ஆரம்பிக்கும். நான் ஒரு பூவை மட்டும் பேசவிட்டு நகர்ந்துவிடுவேன். மாளிகை வாசலில் பனித்துகள் படை கெர்டாவைத் தாக்கும்போது, அவள் பிரார்த்தனை சொல்ல, அவள் மூச்சுக்காற்றே தேவதூதர்களாகி அவற்றை விரட்டுகிறது. காலணி, கையுறை எல்லாம் கழற்றி அவளை வெறுங்கையோடு நிறுத்தியபின் வானத்துப் படையை வரவழைத்தது, கட்டுமானத்தில் ஒரு சறுக்கல் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லாமல் விட்டுப் பார்த்தேன். கதை எங்கும் உடையவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது பனி. நம் மொழியில் மார்கழிப் பனியும் பனிதான், வட துருவத்துப் பனியும் பனிதான். புல்லில் துளியாக நிற்கும் பனியை நினைத்துக்கொண்டு கேட்கும் குழந்தைக்கு, அது ஏன் ஒரு பையனை நீலமாக்கும் என்று புரியாது. நான் ஃப்ரீசரிலிருந்து ஓர் ஐஸ் கட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பத்து எண்ணச் சொன்னேன். ஏழிலேயே கீழே போட்டுவிட்டாள். "கய் எப்படி அத்தை விடாம வச்சிருந்தான்?" என்றாள். "அவனுக்கு வலிக்கவே இல்லம்மா, அதான் ஆபத்து" என்றேன். அதற்குமேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, அந்தச் சொல். 'நித்தியம்' என்றால் குழந்தைக்கு ஒட்டாது. 'முடிவிலி' கணக்குப் பாடமாகிவிடுகிறது, கய்யின் பக்கம் போய் நின்றுகொள்ளும். நான் 'என்றென்றும்' என்ற சொல்லை எடுத்தேன். எ, ன், றெ, ன், று, ம். ஆறு எழுத்து, ஒரே எழுத்து இரண்டு முறை வருகிறது, புதிராக அடுக்க வசதி. ஆறாவது இரவு முடிந்ததும் அட்டையில் எழுதி வெட்டிக் கலைத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் முழுவதும் அடுக்கிப் பார்த்தாள். 'றெ' என்று ஒரு சொல் தொடங்குமா என்று அவள் அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். ராத்திரி கதையில் துண்டுகள் ஆடிப் படுத்தபோது, தானும் அட்டைகளைத் தரையில் அந்த வரிசையில் வைத்தாள். சண்டை ஏன் வரவில்லை என்ற கேள்வி மறுபடி வரவில்லை.

2013-இல் டிஸ்னி எடுத்த 'ஃப்ரோசன்' இந்தக் கதையிலிருந்து கிளம்பியதுதான். ஆனால் அதில் பனி அரசி தூக்கிக்கொண்டு போகும் பையன் இல்லை, கண்ணாடித் தூள் இல்லை, ஐஸ் துண்டுப் புதிரும் இல்லை; அரசி அக்காவாகிவிட்டாள். படம் பார்த்த பிள்ளைகளுக்குக் கதை தெரியும் என்று விட்டுவிட வேண்டாம்.

கடைகளில் கிடைக்கும் படப் புத்தகங்கள் பலவும் இருபது பக்கத்துக்குள் கதையைச் சுருக்கிவிடுகின்றன. சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவது பெரும்பாலும் புதிரைத்தான். கெர்டா வந்தாள், அழுதாள், கய் குணமானான் என்று முடிந்துவிடும். வாங்குவதற்கு முன் கடைசி நான்கு பக்கங்களைக் கடையிலேயே புரட்டிப் பாருங்கள். ஐஸ் துண்டுகளும் அந்த ஒரு சொல்லும் சறுக்குக் காலணியும் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் புத்தகத்தை வைத்துவிட்டு, ஏழு இரவுகள் எடுத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள்.